ஏ, பி, சி: கிடங்குச் சரக்கை ஆண்டுப் பயன்பாட்டு மதிப்பால் பிரிப்பது எப்படி

கிடங்குப் பொறுப்பு புதிதாகக் கைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் எல்லாப் பொருளையும் ஒரே கண்டிப்போடு பார்த்துக்கொள்ள முயல்வார்கள். எல்லாவற்றுக்கும் வரவு செலவு எழுத ஒரே மாதிரி பின் கார்டு, ஒரே மாதிரி எண்ணிக்கை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆர்டர். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் போல்ட் எண்ணுவதற்கும் மோட்டார் எண்ணுவதற்கும் ஒரே அளவு நேரம் போகும். நேரம் போதாமல் போகும்போது விட்டுப்போவது எது என்பதை யாரும் தீர்மானிப்பதில்லை, அதுவாக அமைந்துவிடும்.

ஏபிசி பகுப்பாய்வு அந்தத் தீர்மானத்தை முன்கூட்டியே எடுக்கும் வழி. 1951-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபோர்டு டிக்கி இதை எழுதி வெளியிட்டார். அன்று சொன்ன கணக்கு இன்றும் அப்படியே இருக்கிறது: ஒரு வருடத்தில் எத்தனை செலவாகிறது, அதை ஒன்றின் விலையால் பெருக்கு, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கு, மேலிருந்து ஏ, பி, சி என்று மூன்றாக வெட்டு. கணக்கு அரை மணி நேர வேலைதான். அதற்குள் போகும் எண்களைச் சரிபார்ப்பதும், வெட்டிய பிறகு என்ன செய்வது என்று முடிவெடுப்பதும்தான் உண்மையான வேலை.

முதலில் எண்களைத் திரட்டுங்கள்

ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டே எண் வேண்டும். ஒன்று, கடந்த 12 மாதங்களில் கிடங்கிலிருந்து வெளியே போன அளவு. இன்னொன்று, ஒரு அலகின் வாங்கிய விலை. 12 மாதத்துக்குக் குறையக் கூடாது. ஆறு மாதக் கணக்கை இரண்டால் பெருக்கினால், சீசனில் மட்டும் ஓடும் பொருள் உச்சியில் வந்து உட்காரும், அல்லது காணாமலே போகும்.

வெளியே போனது என்றால் உண்மையில் செலவானது. ஒரு கிடங்கிலிருந்து இன்னொரு கிடங்குக்கு மாற்றியதைச் சேர்க்காதீர்கள். உற்பத்திப் பிரிவு எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுத்ததைக் கழித்துவிடுங்கள். விலையில் சராசரி விலையை எடுக்கலாம், கடைசியாக வாங்கிய விலையையும் எடுக்கலாம். எதுவானாலும் எல்லாப் பொருளுக்கும் அதையே எடுங்கள். விற்பனை விலை இங்கே வேண்டாம், கிடங்கில் முடங்குவது நாம் கொடுத்த பணம்.

புதியவர்கள் அடிக்கடி வழுக்கும் இடம் ஒன்று உண்டு: பயன்பாட்டு மதிப்புக்குப் பதிலாக, இன்று ரேக்கில் இருக்கும் இருப்பின் மதிப்பை எடுத்துவிடுவது. கணினியில் இருப்பு அறிக்கை எளிதாகக் கிடைக்கிறது, அதுதான் காரணம். அப்படிச் செய்தால், மூன்று வருடமாக அசையாமல் கிடக்கும் பழைய சரக்கு முதல் வகுப்பில் வந்துவிடும். ஒழுங்காக வாங்கி ஒழுங்காகத் தீர்க்கும் பொருள் கீழே போய்விடும். அசையாச் சரக்குக்கும் ஒரு பட்டியல் வேண்டும்தான், ஆனால் அது தனிப் பட்டியல்.

ஒரு பம்பு தயாரிப்புக் கிடங்கு

தண்ணீர் பம்பு தயாரிக்கும் ஒரு சிறு தொழிற்சாலையின் கிடங்கை வைத்துப் பார்ப்போம். வருடத்துக்கு 600 பம்பு. அதில் 200 பம்பு மோட்டார் இல்லாமலே போகிறது, ஆகவே மோட்டார் 400 தான். புரிவதற்காகப் பத்தே பொருள் எடுத்திருக்கிறேன். பணத்தின் பெயரை எழுதவில்லை, எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றுதான்.

| பொருள் | ஆண்டு அளவு | அலகு விலை | ஆண்டு மதிப்பு | கூட்டிவந்த % |
|---|---|---|---|---|
| மோட்டார் | 400 | 9,000 | 36,00,000 | 51.4 |
| வார்ப்பிரும்புக் கூடு | 600 | 3,000 | 18,00,000 | 77.1 |
| தண்டு | 600 | 800 | 4,80,000 | 84.0 |
| இம்பெல்லர் | 600 | 700 | 4,20,000 | 90.0 |
| பேரிங் | 1,200 | 250 | 3,00,000 | 94.3 |
| மெக்கானிக்கல் சீல் | 600 | 300 | 1,80,000 | 96.9 |
| பெயிண்ட் (லிட்டர்) | 300 | 300 | 90,000 | 98.1 |
| அட்டைப்பெட்டி | 600 | 100 | 60,000 | 99.0 |
| போல்ட் | 10,000 | 4 | 40,000 | 99.6 |
| கேஸ்கெட் | 1,200 | 25 | 30,000 | 100.0 |

மொத்தம் 70 லட்சம். விரிதாளில் செய்வதானால், B நெடுவரிசையில் அளவு, C-யில் விலை, D-யில் ஆண்டு மதிப்பு, E-யில் கூட்டிவந்த பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் D-யை நிரப்பி, மொத்தப் பட்டியலையும் D-யின்படி இறங்குவரிசையில் அடுக்குங்கள். அடுக்கிய பிறகுதான் E.

```
D2:  =B2*C2
E2:  =SUM(D$2:D2)/SUM(D$2:D$11)
F2:  =IF(E2<=0.8,"ஏ",IF(E2<=0.95,"பி","சி"))
```

எழுதியதைக் கீழே வரை இழுத்துவிட்டால் வகுப்பு வந்துவிடும். இந்தச் சூத்திரத்தில் ஒரு பொறி இருக்கிறது. முதல் பொருள் ஒன்றே 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டால், கிடங்கின் ஆகப் பெரிய பொருளுக்கு ‘பி’ என்று போடும். அதனால் வெட்டுக் கோட்டை ஒட்டி நிற்கும் பொருள்களைக் கண்ணால் பார்த்துக் கையால் முடிவு செய்யுங்கள்.

வகுப்புக்குப் போகும் முன் பட்டியலின் மேற்பகுதியை ஒருமுறை வாசியுங்கள். உங்களுக்கு ஆச்சரியம் தரும் பொருள் ஏதாவது இருக்கிறதா? உதாரணமாக, போல்ட் 100 கொண்ட பெட்டியாக வருகிறது, பெட்டி விலை 400. கிடங்கு வெளியே கொடுப்பதோ எண்ணிக்கையில். விலைப் பத்தியில் பெட்டி விலையும் அளவுப் பத்தியில் எண்ணிக்கையும் விழுந்தால், 10,000 பெருக்கல் 400, அதாவது 40 லட்சம். மோட்டாருக்கும் மேலே போல்ட்! இது சிரிப்பாகத் தெரிவதால் உடனே மாட்டிக்கொள்ளும். மாட்டாதது நடுவில் ஒளிந்திருக்கும் கேஸ்கெட், ஒயர், எண்ணெய் வகையறா: மீட்டரா சுருளா, லிட்டரா பீப்பாயா என்ற குழப்பம். வாங்கும் அலகும் கொடுக்கும் அலகும் வேறாக இருக்கும் பொருள்களை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான தவறுகள் அங்கேயே சிக்கிவிடும்.

எங்கே வெட்டுவது

பாடப்புத்தகங்களில் 80, 95 என்ற எண்களைப் பார்ப்பீர்கள். வழக்கமான இடங்கள் அவை, விதி அல்ல. நம் பட்டியலில் 18 லட்சத்திலிருந்து அடுத்த வரி சட்டென்று 4.8 லட்சத்துக்கு இறங்குகிறது. இயற்கையாகவே வெட்டு விழுந்த இடம் அது. மோட்டாரும் கூடும் ஏ. தண்டு, இம்பெல்லர், பேரிங் மூன்றும் பி. மீதி ஐந்தும் சி. பத்தில் இரண்டு பொருள் 77 சதவீதப் பணத்தை வைத்திருக்கிறது, ஐந்து பொருள் சேர்ந்து ஆறு சதவீதம்கூட இல்லை.

ஏ வகுப்பில் எத்தனை பொருளை விடலாம் என்பதற்கு இன்னொரு அளவுகோலும் இருக்கிறது, எனக்கு அதுதான் பிடிக்கும்: உங்கள் ஆட்களால் வாரா வாரம் எத்தனை பொருளை உண்மையாகவே உட்கார்ந்து பார்க்க முடியும்? 2,000 பொருள் உள்ள கிடங்கில் சூத்திரம் 400-ஐ ஏ என்று சொல்லி, பார்க்க இருவர்தான் இருந்தால், அந்த 400-க்கும் ஏ என்பது வெறும் முத்திரைதான். கோட்டை 70 சதவீதத்துக்கு இறக்குங்கள்.

ஆர்டர் எத்தனை முறை: இங்கேதான் பணம் கிடைக்கிறது

முன்பு எல்லாப் பொருளையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பொருள், வருடத்துக்கு நான்கு முறை, ஆக 40 ஆர்டர். ஒவ்வொரு முறையும் கால் வருடச் சரக்கு வருகிறது, கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்கிறது. சராசரியாக ரேக்கில் இருப்பது வந்ததில் பாதி, அதாவது ஆண்டு மதிப்பில் எட்டில் ஒரு பங்கு. 70 லட்சத்தில் அது 8.75 லட்சம்.

இப்போது ஏ பொருள் இரண்டையும் மாதாமாதம் வாங்குங்கள், பி-யைத் தொடவே வேண்டாம், சி பொருள் ஐந்தையும் வருடத்துக்கு ஒரே முறை வாங்குங்கள். ஏ-க்கு 24, பி-க்கு 12, சி-க்கு 5, மொத்தம் 41 ஆர்டர். ஒன்றுதான் கூடியிருக்கிறது. ரேக்கில் என்ன ஆனது? ஏ-யின் 54 லட்சத்தில் 24-இல் ஒரு பங்கு, 2.25 லட்சம். பி-யின் 12 லட்சத்தில் எட்டில் ஒரு பங்கு, 1.5 லட்சம். சி-யின் 4 லட்சத்தில் பாதி, 2 லட்சம். கூட்டினால் 5.75 லட்சம். கிட்டத்தட்ட அதே வேலைக்கு, முடங்கிய பணத்தில் 3 லட்சம் விடுபட்டுவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது சி-யின் இருப்பு. முன்பு அரை லட்சம், இப்போது 2 லட்சம், நான்கு மடங்கு. புதியவர்கள் இங்கேதான் தயங்குவார்கள், ‘குறைக்கச் சொல்லிவிட்டு ஏன் கூட்டுகிறோம்’ என்று. சி பொருளில் தாராளமாக இருப்பது தவறல்ல, அதுதான் திட்டமே. மலிவான பொருளில் ஒன்றரை லட்சத்தைக் கூட்டி, விலையுயர்ந்த பொருளில் நாலரை லட்சத்தைக் குறைக்கிறோம்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று போட்டுவிடாதீர்கள். பெயிண்டுக்குக் காலாவதி உண்டு, ஆறு மாதத்துக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். அட்டைப்பெட்டியில் பணம் கொஞ்சம், இடம் ஏராளம்: 600 பெட்டியை வைக்கவே ஒரு மூலை போய்விடும். ஈரம் பட்டால் பெட்டி தளர்ந்தும் போகும். இவை இரண்டும் சி-யிலேயே இருக்கட்டும், ஆர்டர் இடைவெளியை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரை மாதாமாதம் வாங்க சப்ளையர் மறுத்தால், வருடத்துக்கு ஒரே ஒப்பந்தம் போட்டு, சரக்கை மட்டும் மாதத் தவணையாக அனுப்பச் சொல்லிப் பாருங்கள். இருப்பு குறைவதற்கு ஆர்டர் காகிதம் மாதாமாதம் போக வேண்டியதில்லை, சரக்கு மாதாமாதம் வந்தால் போதும்.

மேலே போட்டது ஓடும் இருப்பின் கணக்கு மட்டும். தாமதத்துக்கும் திடீர்த் தேவைக்கும் வைக்கும் பாதுகாப்பு இருப்பு தனி. ஏ பொருளுக்கு அதைக் கணக்குப் போட்டுக் குறைவாக வைத்து, வாரம் ஒருமுறை பாருங்கள்: கையில் எத்தனை, வழியில் எத்தனை, அடுத்த வாரங்களில் எத்தனை பம்பு போகிறது. வழியில் இருப்பது தாமதமானால் அன்றே சப்ளையருக்குப் போன் போக வேண்டும். பி பொருளுக்குக் கணினியில் மறு ஆர்டர் அளவைப் பதிந்து, மாதம் ஒருமுறை கண் ஓட்டினால் போதும்.

சி-க்கு இரண்டு தொட்டி

சி பொருளுக்கு எளிய ஏற்பாடு இரண்டு தொட்டி முறை. போல்ட்டையே எடுத்துக்கொள்வோம். வாரத்துக்குச் சுமார் 200 செலவாகிறது. சொல்லி அனுப்பினால் வர இரண்டு வாரம். அதற்கு 400, தாமதத்துக்கு இன்னொரு 200, ஆக 600 போல்ட் இரண்டாம் தொட்டியில். மீதியெல்லாம் முதல் தொட்டியில். முதல் தொட்டி காலியானால் இரண்டாவதைத் திறக்கிறோம், அதன்மேல் கட்டியிருக்கும் அட்டையை எடுத்து ஆர்டர் பெட்டியில் போடுகிறோம். ஒவ்வொரு முறையும் சீட்டு எழுத வேண்டாம், யார் எத்தனை எடுத்தார் என்று பதிய வேண்டாம். சரக்கு வந்ததும் முதலில் இரண்டாம் தொட்டியில் 600 எண்ணிப் போட்டு மூடி, அட்டையைக் கட்டிவிட்டு, மீதியை முதல் தொட்டியில் கொட்டுங்கள்.

இந்த முறை ஒரே ஒரு இடத்தில்தான் உடையும்: அவசரத்தில் யாரோ இரண்டாம் தொட்டியைத் திறந்து, அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். முதல் தொட்டியில் போல்ட் இருக்கும்போதே இரண்டாவது திறந்திருந்தாலோ, இரண்டாவது திறந்திருந்தும் ஆர்டர் பெட்டியில் அட்டை இல்லாவிட்டாலோ அதுதான் அடையாளம். அட்டையைப் பிய்க்காமல் திறக்க முடியாதபடி மூடியின் குறுக்கே கட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

எண்ணிக்கை

வருடக் கடைசியில் கிடங்கைப் பூட்டிவிட்டு எல்லாவற்றையும் எண்ணுவதற்குப் பதிலாக, தினமும் கொஞ்சம் எண்ணும் சுழற்சி எண்ணிக்கைக்கு இந்த வகுப்பு நேரடியாகப் பயன்படும். ஏ மாதம் ஒருமுறை, பி மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சி வருடத்துக்கு ஒருமுறை என்பது வழக்கமான தொடக்கம். 2,000 பொருளில் ஏ 200, பி 400, சி 1,400 என்று வந்தால், வருடத்துக்கு 5,400 எண்ணிக்கை. 250 வேலை நாளில் நாளைக்கு 22. ஒருவரின் காலை வேலை. எல்லாவற்றையும் மாதம் ஒருமுறை எண்ணினால் நாளைக்கு 96 ஆகியிருக்கும், இரண்டாம் வாரமே யாரும் எண்ணமாட்டார்கள்.

எவ்வளவு வித்தியாசத்தைப் பொறுப்பது என்பதும் வகுப்பைப் பொறுத்தது. போல்ட்டில் ஐந்து சதவீதம் கூடக்குறைய இருந்தால் கணக்கைத் திருத்திவிட்டு நகருங்கள். எடை போட்டு எண்ணினாலும் தவறில்லை. மோட்டாரில் ஒன்று குறைந்தாலும் அப்படி விடக் கூடாது. கணக்கில் 31, கையில் 30. உடனே கணக்கை 30 ஆக்கிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். பொறுங்கள். நேற்று கொடுத்த சீட்டு பதியாமல் மேசையில் கிடக்கிறதா? திரும்பி வந்த மோட்டார் தரப் பரிசோதனை மேசையில் நிற்கிறதா? வேறு மாடல் பெயரில் பதிவாகியிருக்கிறதா? அப்படியானால் அந்த மாடலில் ஒன்று கூடுதலாக இருக்கும், போய் எண்ணிப் பாருங்கள். காரணம் கிடைத்த பிறகு திருத்துங்கள். அன்றே தேடினால் கிடைக்கும், ஒரு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது. ஏ பொருளை அடிக்கடி எண்ணுவதே இதற்குத்தான்.

மலிவு வேறு, அவசியம் வேறு

பட்டியலில் கடைசியாக நிற்பது கேஸ்கெட். அது இல்லாமல் ஒரு பம்பும் வெளியே போகாது. 25 விலையுள்ள பொருள் தீர்ந்ததால் 9,000 விலையுள்ள மோட்டார் காத்துக் கிடக்கும். அப்படியானால் கேஸ்கெட்டை ஏ-க்கு உயர்த்த வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். வாரா வாரம் கூட்டம் போட்டு அதைப் பார்ப்பதால் ஒன்றும் ஆகாது. மூன்று மாதத்துக்குத் தேவையானதை எப்போதும் கூடுதலாகவே வைத்துவிடுங்கள், 300 கேஸ்கெட், 7,500 தான் முடங்கும். மதிப்பு எவ்வளவு கூர்ந்து பார்ப்பது என்பதைச் சொல்லும், அவசியம் எவ்வளவு கூடுதலாக வைப்பது என்பதைச் சொல்லும். இரண்டையும் ஒரே எழுத்துக்குள் திணிக்காதீர்கள். மருத்துவமனைகளும் உதிரிபாகக் கிடங்குகளும் இதற்காகவே உயிர்நாடி, அவசியம், விரும்பத்தக்கது என்று இன்னொரு பிரிவை ஏபிசி-யோடு சேர்த்து வைத்துக்கொள்கின்றன.

இயந்திர உதிரிபாகங்களை இந்தப் பட்டியலுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். முக்கிய இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பலகை மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் போகும். 12 மாதக் கணக்கில் அதன் பயன்பாடு பூஜ்யம், சி-யிலும் கடைசி. கணக்கு அதைத் தூக்கி எறியச் சொல்லும், ஆனால் அது இல்லாத அன்று ஆலை நிற்கும். அதேபோல் புதிய பொருளுக்குப் பழைய கணக்கே இருக்காது, எதிர்பார்க்கும் அளவை வைத்து வகுப்பு கொடுத்து, ஆறு மாதம் கழித்து உண்மை எண்ணை வைத்துப் பாருங்கள்.

எப்போது திரும்பப் போடுவது

வருடத்துக்கு ஒருமுறை போதும். விலையும் பொருளும் வேகமாக மாறும் இடமானால் இருமுறை. மாதாமாதம் போட்டால் கோட்டை ஒட்டி நிற்கும் மெக்கானிக்கல் சீல் போன்றவை பி-க்கும் சி-க்கும் நடுவே ஊசலாடிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு முறையும் ஆர்டர் முறை மாறும். அடுத்தடுத்து இரண்டு முறை கோட்டைத் தாண்டினால்தான் வகுப்பை மாற்றுவது என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இருக்காது.

வகுப்பு மாறும் நாளில் முதலில் அந்தப் பொருளை எண்ணிவிடுங்கள். சி-யிலிருந்து ஏ-க்கு வருவதன் கணக்கு ஒரு வருடமாக யாரும் பார்க்காத கணக்கு, அதை நம்பி மாத ஆர்டர் போட முடியாது. ஏ-யிலிருந்து சி-க்குப் போவதென்றால், சப்ளையரிடம் நிற்கும் மாதத் தவணைகளை முதலில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பயன்பாடு குறைந்துபோன பொருள் பழைய வேகத்திலேயே மாதாமாதம் வந்து இறங்கிக்கொண்டிருக்கும்.